பன்னிரண்டு ட்யூப் வாட்டர்கலரும் மூன்று முறை எழுதிய விவரமும்

நாகர்கோவிலில் எங்களுடையது சின்ன ஸ்டேஷனரி கடை. போன வருடம் ஓவியப் பொருட்களை ஆன்லைனில் விற்க ஆரம்பித்தபோது, ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. முதலில் ஏற்றியது 12 ட்யூப் வாட்டர்கலர் பெட்டி. எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை: "உயர்தர வண்ணங்கள், 12 ஷேட், 60 மிலி, எல்லாப் பரப்புக்கும், எல்லோருக்கும் ஏற்றது."

முதலில் வந்தவர் குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு அக்கா. சிப்பிகளில் படம் வரைந்து கன்னியாகுமரிக் கடைகளுக்குக் கொடுப்பவர். வரைந்த சிப்பி ஒன்றைக் கையோடு கொண்டுவந்து, விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துக் காட்டினார். நீலம் விரலோடு வந்தது. "வெள்ளம் பட்டா ஓடிப்போகுது தம்பி. எல்லாத்திலயும் வரையலாம்னு நீங்கதான எழுதியிருந்திய?"

வாட்டர்கலரில் நிறத்தூளைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் கோந்து. காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் அது கரையும். தாளென்றால் நிறம் நாருக்குள் இறங்கிவிடும், சிப்பியில் மேலேயே நிற்கும். அக்ரிலிக் அப்படியில்லை. காய்ந்ததும் பிளாஸ்டிக் படலம் போலாகிவிடும், திரும்பக் கரையாது. இரண்டையுமே தண்ணீரில்தான் குழைக்கிறோம் என்பதால், தண்ணீரில் குழைக்கும் பெயின்ட் என்று மட்டும் எழுதினால் ஆள் குழம்பத்தான் செய்வார். "எல்லாப் பரப்புக்கும்" அன்றைக்கே போனது.

அடுத்து ஒரு போன். ட்யூபுக்கு 60 மிலி என்று நினைத்து வாங்கியிருக்கிறார். பெட்டியில் இருந்தது 5 மிலி ட்யூப் பன்னிரண்டு. படத்தில் அழகுக்காக நான் வைத்திருந்த பிரஷும் வரவில்லை என்றார். அதுவும் நியாயம்தான். படத்தை மாற்றினேன்.

மூன்றாவது புகார்தான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது. ஜன்னல் ஓரம் மாட்டிய ரோஜாப் படத்தில் இலைகள் அப்படியே இருக்க, பூ மட்டும் வெளுத்துவிட்டது என்று ஒருவர் போட்டோ அனுப்பினார். ட்யூபின் பின்பக்கத்தை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். முதல் எழுத்து P என்றால் பிக்மென்ட், அடுத்தது நிறம், அப்புறம் எண். எங்கள் பெட்டியின் அல்ட்ராமரீன் ப்ளூவில் PB29. கிரிம்சனில் PR83. இந்த PR83தான் அலிஸரின். பார்க்க ஆழமான, அருமையான சிவப்பு. ஆனால் வெளிச்சம் தாங்காது, மெல்லிசாகப் பூசினால் இன்னும் சீக்கிரம் வெளுக்கும்.

கோபால்ட் ப்ளூ என்று நான் எழுதியிருந்த ட்யூபில் பெயருக்குப் பின்னால் "ஹ்யூ" என்று ஒட்டியிருந்தது. குறியீடு PB29, PW6. அசல் கோபால்ட் ப்ளூ PB28. அதாவது இது அல்ட்ராமரீனோடு டைட்டானியம் வெள்ளை கலந்து அந்த நிறத்துக்குக் கொண்டுவந்தது. விலை குறைக்க அப்படிச் செய்வார்கள், ஏமாற்று இல்லை. ஆனால் வெள்ளை கலந்திருப்பதால் தாளின் வெண்மை உள்ளிருந்து தெரியாது, கொஞ்சம் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். "ஹ்யூ"வை விட்டுவிட்டு எழுதியது என் தப்பு.

நம்பிக்கை வராமல் பன்னிரண்டு நிறத்தையும் ஒரு தாளில் பட்டையாக இழுத்தேன். தாளை நடுவில் வெட்டி, ஒரு பாதியை நோட்டுக்குள் வைத்தேன், மறு பாதியை மேற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். இரண்டு மாதம் கழித்துச் சேர்த்துப் பார்த்தபோது அல்ட்ராமரீனில் வித்தியாசமே தெரியவில்லை. கிரிம்சன் பாதிக்கு மேல் போயிருந்தது. இதை வைத்து "இத்தனை வருடம் நிற்கும்" என்று எழுத முடியாது, எது முதலில் போகும் என்று மட்டும் சொல்லலாம். நிறம் எவ்வளவு வெளிச்சம் தாங்கும் என்று காட்ட ட்யூபில் போட்டிருக்கிற நட்சத்திரங்களும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு கணக்கு. அதனால் நட்சத்திரத்தை விட்டுவிட்டுக் குறியீட்டையே போட்டேன்.

இப்போது அங்கே இருப்பது இது:

"வாட்டர்கலர், ஸ்டூடண்ட் தரம். தாளுக்கு மட்டும், காய்ந்த பின்னும் தண்ணீரில் கரையும். 5 மிலி ட்யூப் 12, அதில் ஒன்று வெள்ளை. பிரஷ், தட்டு கிடையாது. கோபால்ட் ப்ளூ, ஹ்யூ வகை (PB29, PW6). கிரிம்சன் (PR83) வெயிலில் வெளுக்கும். பள்ளி மாணவர்களுக்கும் நிறம் கலக்கப் பழகுகிறவர்களுக்கும் ஏற்றது. மாட்டி வைக்கவோ விற்கவோ வரைகிறவர்களுக்கு அல்ல."

கடைசி வரியைப் பார்த்து அப்பா, "விக்கதுக்கு எழுதுதியா, வாங்காண்டாம்னு எழுதுதியா?" என்று கேட்டார். விற்பனை கொஞ்சம் குறைந்ததும் உண்மைதான். ஆனால் இந்தப் பெட்டி அதற்குப் பிறகு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

சிப்பி அக்கா அக்ரிலிக் வாங்கிப் போனார். அதன் விவரத்தில் சிப்பி என்றும் சேர்க்கச் சொல்கிறார். அவர் வரைந்து தந்த இரண்டு சிப்பி கடைப் பின்பக்கம் உப்புத்தண்ணீர் வாளியில் கிடக்கிறது. மழைக்காலம் முடியட்டும், எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.