முன்னால் குடியிருந்தவருக்கு வரும் தபால்: வீட்டுக்காரரிடம் பேசித் தீர்த்த கதை

கீழக்கரைக்கு மாற்றலாகி வந்து குடியேறிய வீட்டில், எங்களுக்கு முன்னால் இருந்தவர் தூத்துக்குடிக்குப் போய்விட்டிருந்தார். அவருக்கு வரும் தபால் மட்டும் நிற்கவில்லை. பேங்க் கவர், இன்சூரன்ஸ் பிரீமிய நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, அவ்வப்போது காசு கொடுத்து வாங்க வேண்டிய பார்சல். கேட்டில் மாட்டியிருந்த தகரத் தபால் பெட்டி உப்புக்காற்றில் அடிப்பக்கம் இற்றுப்போயிருந்தது. ஐப்பசி மழையில் உள்ளே போட்ட கவரெல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். அடுத்தவர் தபாலை இந்த நிலையில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

வீட்டுக்காரர் சென்னை மண்ணடியில் கடை வைத்திருக்கிறார். இந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை லாத்தா என்பார்கள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் கூப்பிடுவது போல நானும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாடகை, சாவி, பைப் ரிப்பேர் எல்லாம் அடுத்த வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா வழியாக நடக்கும். லாத்தாவிடம் முதலில் சொன்னபோது, "நீங்களே வாங்கி வையுங்க தம்பி, என்னைக்காவது வந்து எடுத்துக்கிடுவாரு" என்றார்கள். எல்லா ஊரிலும் சொல்கிற பதில்தான். ஆனால் கையெழுத்துப் போட்டு வாங்கினால் அது என் பொறுப்பில் வந்துவிடும். நாளைக்கு ஏ.டி.எம். கார்டு காணோம், செக் புக் காணோம் என்றால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

காக்காவுக்குப் போன் போட்டு, பழைய ஆளின் நம்பர் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம்தான் விஷயம் வந்தது. அட்வான்ஸில் கரண்ட் பில்லும் பெயின்ட் செலவும் கழித்ததில் இருவருக்கும் கணக்கு முடியவில்லையாம். "அவரே வந்து பேசட்டும், அதுவரைக்கும் தபால் அங்கேயே கிடக்கட்டும்" என்றார். இங்கேதான் நான் கொஞ்சம் கறாராக இருந்தேன். அட்வான்ஸ் கணக்கு அவர்கள் இருவருக்கும் நடுவில் உள்ளது. அதற்குத் தபாலைப் பிடித்துவைக்க என் வீடு எதற்கு? அதோடு, ஒருவருடைய நம்பரை அவரைக் கேட்காமல் கொடுக்கத் தயங்குவதும் நியாயம்தான். அதனால் நம்பர் கேட்பதை விட்டுவிட்டு, வாட்ஸ்அப்பில் இப்படி எழுதினேன்:

"வணக்கம் காக்கா. பழைய குடித்தனக்காரருக்கு இன்னும் தபால் வருகிறது. அவர் நம்பர் எனக்கு வேண்டாம், நீங்களே சொன்னால் போதும். சாதாரணக் கவர்களைப் பிரிக்காமல் லாத்தாவிடம் கொடுக்கிறேன். முகப்பை மட்டும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன், நீங்கள் அவருக்கு அனுப்பிவிடுங்கள். கையெழுத்து கேட்கும் தபாலும், பணம் கட்டி எடுக்கும் பார்சலும் நான் வாங்க மாட்டேன். தை மாதம் வரை இப்படி இருக்கட்டும். அதற்குப் பிறகு வருவதைப் போஸ்ட்மேனிடமே திருப்பிவிடுகிறேன். சம்மதமா?"

கடைசித் தேதி போட்டதும், நான் செய்வது எது, செய்யாதது எது என்று பிரித்ததும்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்' என்று பொதுவாக எழுதியிருந்தால் இன்னும் பேசிக்கொண்டே இருந்திருப்போம். மறுநாள் "சரி தம்பி, லாத்தாட்ட குடுங்க" என்று பதில் வந்தது. லாத்தா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் துடைத்து, இதில்தான் வைப்பேன் என்று காட்டினார்கள். மூடினால் காற்றுகூடப் போகாத டப்பா.

இதற்குள் போஸ்ட்மேனிடமும் பேசினேன். நம் ஊர்த் தெருக்களில் கதவு எண்ணைவிட ஆளைப் பார்த்துத்தான் தபால் கொடுப்பார்கள், அதனால் அவருக்கு விஷயம் தெரிவது முக்கியம். அவர் சொன்னதில் ஒன்று பலருக்குத் தெரியாது. வாசலில் நின்று "வேண்டாம், கொண்டு போங்க" என்று நாம் சொன்னால், அவசரத்தில் 'ரெஃப்யூஸ்டு', அதாவது வாங்க மறுத்தார் என்று எழுதித் திருப்பிவிட வாய்ப்பு உண்டு. உள்ளே இருப்பது செக் திரும்பியதற்கான வக்கீல் நோட்டீஸாக இருந்தால், அந்த ஒரு சொல்லை வைத்தே நோட்டீஸ் சேர்ந்துவிட்டதாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். பாவம், தூத்துக்குடியில் இருப்பவருக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. அதனால் "அவர் இங்கே இல்லை, வீடு மாறிப் போய்விட்டார்" என்றுதான் சொல்ல வேண்டும். அப்போது 'லெஃப்ட்' என்று எழுதுவார்கள். எந்தக் குறிப்பு எழுதினார் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வதும் நல்லது. பெட்டியில் கிடக்கும் சாதாரணக் கவர் என்றால், பெயரை அடிக்காமல் ஓரத்தில் 'பெறுநர் இந்த முகவரியில் இல்லை' என்று எழுதிப் போஸ்ட்மேனிடமே கொடுத்துவிடலாம்.

தபாலைப் புது முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லி எழுதிக் கொடுக்க நானும் முடியாது, காக்காவும் முடியாது. யார் பெயருக்குத் தபால் வருகிறதோ அவர்தான் இங்குள்ள போஸ்ட் ஆபீஸுக்குக் கையெழுத்திட்டு எழுத்தில் தர வேண்டும். அது போஸ்ட் ஆபீஸ் தபாலுக்கு மட்டும்தான். கூரியர்காரர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை கார்த்திகையில் வந்தது. அவருடைய பைக்கின் ஆர்.சி. ஸ்பீட் போஸ்ட்டில் வந்து நின்றது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரியிலிருந்து ஆர்.சி.யும் லைசென்ஸும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கையில் தருவதில்லை, தபாலில்தான் அனுப்புகிறார்கள். கொடுக்க முடியாமல் போனால் திரும்ப ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே போய்விடும். அப்புறம் மறுபடி அலைய வேண்டியது அவர்தான். "வாங்கிக்கிறீங்களா சார்?" என்று போஸ்ட்மேன் கேட்டார். நான் வாங்கவில்லை. உடனே திருப்ப வேண்டாம், போஸ்ட் ஆபீஸில் வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். ஒரு வாரம் வைத்திருக்கலாம், அவரே அடையாள அட்டையோடு வரட்டும் என்றார். கவர் முகப்பைப் போட்டோ எடுத்துக் காக்காவுக்கு அனுப்பினேன். அவரும், கணக்குச் சண்டையை ஓரம் வைத்துவிட்டு, அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் மனிதர் சாயல்குடி வழி பஸ்ஸில் வந்து இறங்கினார். போஸ்ட் ஆபீஸில் ஆர்.சி.யை வாங்கிக்கொண்டு, திருப்பிவிடும் கடிதத்தையும் அங்கேயே எழுதிக் கொடுத்தார். பிறகு லாத்தா வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து ஒவ்வொரு கவராகப் பார்த்தார். பேங்கிலும் இன்சூரன்ஸிலும் முகவரி மாற்றவே இல்லை என்று அவரே சொன்னார். லாத்தா டீ போட்டுக் கொடுத்தார்கள். அட்வான்ஸ் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

பார்சல்தான் இழுத்தது. லேபிளில் இருப்பது அவர் போன் நம்பர். டெலிவரி பையன் வாசலில் நின்று அவருக்குத்தான் கூப்பிடுவான். அவர் பழைய பழக்கத்தில் "வீட்ல குடுத்துருங்க" என்று சொல்லிவிடுவார். ஆப்பில் பழைய முகவரிதான் முதலில் நிற்கிறதாம், அவர் மனைவி அதைக் கவனிக்காமல் ஆர்டர் போட்டுவிடுகிறாராம். பணம் கட்டச் சொன்னால் என் மனைவி ஒரே பதில்தான் சொல்வாள்: "அவங்க இங்க இல்ல தம்பி, திருப்பி எடுத்துட்டுப் போங்க." அப்படிச் சில பார்சல்கள் திரும்பிப் போனதும் அவர்களே அந்த முகவரியை அழித்துவிட்டார்கள்.

தை பிறந்தபோது காக்காவுக்கு, இனி வருவதைத் திருப்பிவிடுகிறேன் என்று ஒரு வரி அனுப்பினேன். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, காலி செய்பவர் புது முகவரி எழுதிக் கொடுக்க வேண்டும், மூன்று மாதம் வரை சாதாரணத் தபாலை வீட்டுக்காரர் தரப்பில் வாங்கி வைப்பார்கள் என்று ஒரு ஷரத்து சேர்க்கச் சொன்னேன். காக்கா அதோடு, கரண்ட் பில் கட்டிய ரசீதையும் தர வேண்டும் என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.