காலரில் ரோமம், கஃப்பில் இறகு

ஜனவரி 8

1920களின் பாணியில் ஒரு பெண்ணின் குளிர்கால மேலங்கி வரைந்துகொண்டிருக்கிறேன். காலரில் நரி ரோமம், கஃப்பில் தீக்கோழி இறகு. துணியின் மடிப்புகள் நன்றாக வந்துவிட்டன. காலர்தான் வரவில்லை. மூன்று மணி நேரம் முடி முடியாக இழுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் அழகு. முழுப் படமாகப் பார்த்தால் கழுத்தைச் சுற்றிப் புகை. தங்கை எட்டிப் பார்த்து, "என்னக்கா, தலகாணி கிழிஞ்சு பஞ்சு வந்த மாதிரி இருக்கு" என்றாள்.

ஜனவரி 9

காரணம் பிடிபட்டது. என் கேன்வாஸ் 4000 பிக்சல் உயரம். பார்ப்பவர்களின் திரையில் அது 1000 ஆகச் சுருங்கும். நான் இழுத்த முடியின் தடிமன் 2 பிக்சல். சுருங்கினால் அரை பிக்சல். அரை பிக்சலைத் தனியாகக் காட்டத் திரைக்கு வழியில்லை. வெளிர் முடியும் பக்கத்திலுள்ள இருட்டும் கலந்து ஒரே சாம்பலாகிவிடும். முடி போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் சேர்த்தேன். சேர்க்கச் சேர்க்கச் சாம்பல்தான் கூடியது. இனி இந்தப் படத்தில் 6 பிக்சலுக்குக் குறைந்த கோடு கிடையாது.

ஜனவரி 11

மாடிப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தேன். மேலே நீளமான, பளபளப்பான முடி. அடியில் குட்டையான, மங்கலான மென்ரோமம். மேல்முடி தனித்தனியாக நிற்பதில்லை. பத்து இருபது சேர்ந்து ஒரு கற்றையாகி, நுனியில் கூராக முடிகிறது. ஒரு கற்றை அடுத்ததன் மேல் ஓடு வேய்ந்ததுபோல் படிகிறது. பூனை தலையைத் திருப்பியபோது கழுத்தின் வெளிவளைவில் கற்றைகள் விலகி, நடுவே அடிரோமம் இருண்ட பிளவாகத் தெரிந்தது. உள்வளைவில் எல்லாம் நெருங்கி ஒன்றாகிவிட்டது.

மேலங்கிக் காலரும் கழுத்தைச் சுற்றி வளைவதுதான். பிளவு விழ வேண்டிய இடம் தோளின் மேல் திரும்பும் வெளிவளைவு. நானோ காலர் முழுக்க ஒரே இடைவெளியில் கோடு போட்டிருந்தேன்.

ஜனவரி 12

பழைய லேயரை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். முதலில் காலரை ரோமமே இல்லாத ஒரு தடித்த உருளையாக வரைந்து, ஒளி, நிழல் என இரண்டே நிறத்தில் முடித்தேன். பிறகு விளிம்பு கூரான பிரஷ்ஷால், 60 பிக்சல் அகலத்தில், கற்றைகளை வேரிலிருந்து நுனிக்கு இழுத்தேன். நீளமும் சாய்வும் கொஞ்சம் மாறி மாறி. ஏர்பிரஷ்ஷைத் தொடவே இல்லை. மென்மையாகத் தெரிய வேண்டும் என்று மென்மையான பிரஷ்ஷை எடுப்பதுதான் பஞ்சுக்கு முதல் காரணம்.

தனிமுடி போட்டது மூன்றே இடங்களில். ஒளி நிழலுக்குள் திரும்பும் எல்லை. பின்னணியை வெட்டும் வெளிவிளிம்பு. ரோமம் துணிமேல் விழும் கீழ்விளிம்பு. நிழலுக்குள் ஒன்றுகூட இல்லை. அங்கே ஒரே இருண்ட பரப்புதான். கண் அதையும் ரோமமாகவே எடுத்துக்கொள்கிறது. கீழ்விளிம்பில் நுனிகளுக்கு அடியில் துணிமேல் ஒரு மெல்லிய நிழல் போட்டதும் காலர் துணியைவிட்டு எழுந்து நின்றது. இவ்வளவு நாள் அது ஒட்டிவைத்த மாதிரி இருந்ததற்கு இந்த நிழல் இல்லாததுதான் காரணம்.

ஜனவரி 14

ஜெர்மன் ஓவியர் டியூரர் 1500இல் வரைந்த தன்னுருவத்தை (மூனிக்கில் இருக்கிறது) நெடுநேரம் பார்த்தேன். ரோமக் காலரை அவர் கையே பற்றியிருக்கிறது. அவரைப் பற்றி அவர் நண்பர் காமெராரியஸ் எழுதிய ஒரு செய்தி உண்டு. வெனிஸில் பெல்லினி என்ற மூத்த ஓவியர், முடி வரையும் அந்த பிரஷ்ஷைத் தனக்குத் தரும்படி கேட்டாராம்; ஒரே இழுப்பில் பல முடிகள் விழும் தனி பிரஷ் இருக்கும் என்று எண்ணியிருக்கிறார். டியூரர் எடுத்துக் காட்டியவை சாதாரண பிரஷ்களே. நானும் 'ஃபர் பிரஷ்' தேடித் தரவிறக்கியவள்தான். அவை ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பதிப்பதால், கற்றைகள் எல்லாம் ஒரே நீளத்தில் வரிசைகட்டி நின்றன.

ஜனவரி 16

இன்று கஃப். ரோமத்துக்கான வழி இறகுக்குச் செல்லாது. காக்கை இறகின் இழைகளை நுண்கொக்கிகள் கோத்து வைக்கின்றன; அதனால் அது ஒரே தகடு. தீக்கோழி இறகில் அந்தப் பிடிப்பு இல்லை, ஒவ்வோர் இழையும் தன் எடையில் தொங்கும். ஆகவே முதலில் நடுத்தண்டுகள்: மணிக்கட்டைச் சுற்றி ஏழு வளைகோடுகள். ஒவ்வொரு தண்டிலிருந்தும் இழைகள் வெளியே சாய்ந்து, நுனியில் கீழே வளைகின்றன. நம்மை நோக்கி வரும் இறகுகளில்தான் சிக்கினேன். அங்கே நீளக் கோடு போட்டால் கை தட்டையாகிவிடுகிறது. குட்டையான வளைவுகளாக, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதும் கஃப் உருண்டது.

இறகுகளுக்கு நடுவே துணியின் நிறம் தெரியும்படி நாலைந்து ஓட்டைகள் விட்டேன். அவற்றை மூடிப் பார்த்தேன். உடனே பஞ்சு திரும்பி வந்தது. திறந்துவிட்டேன்.

ஜனவரி 17

25 சதவீத அளவில் வைத்து, நான் வரையும் கிரிட்டா செயலியில் `M` அழுத்திக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் பார்த்தேன். காலர் நிற்கிறது. இடது கஃப்பில் மட்டும் நுனிகள் எல்லாம் ஒரே உயரத்தில் சீப்புப் பல்லாக நின்றன. மூன்றை நீட்டி, இரண்டை அழித்தேன். தங்கையிடம் காட்டினேன். "இது நரி முடியா, ஆட்டு முடியா?" என்று கேட்டாள்.