பத்தொன்பதாம் அத்தியாயத்தில் திருந்தியவர்

பதிப்பகத்தில் எடிட்டராக இருக்கும் எனக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் நாவல் வந்தது. தென்மாவட்டச் சிற்றூரில் அடகுக்கடை வைத்திருப்பவரின் கதை, மொத்தம் 24 அத்தியாயங்கள். 18 வரை வட்டியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காத மனிதர், 19இல் ஒரு கிழவி அடகு வைத்த பாம்படம் என்ற கனத்த காதணியைக் காசு வாங்காமல் திருப்பிக் கொடுக்கிறார். அன்றே கடையையும் மூடிவிடுகிறார். நடை நன்றாக இருந்தது. ஆனால் அந்த இடத்தில் ஆசிரியர் உள்ளே புகுந்து அவர் கையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

"ஏன் சார் மாறுறாரு?" என்று கேட்டேன்.

"17ல அவங்க அம்மா இறந்துபோறாங்களே தம்பி, அதுதான்."

இந்தப் பதிலை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். திருந்த வேண்டிய ஆளுக்கு ஒரு சாவு, இல்லையென்றால் ஒரு விபத்து. அது போதுமா என்று பார்க்க, 17ஐ எடுத்து ஓரமாக வைத்துவிட்டு 16ஐயும் 18ஐயும் அடுத்தடுத்துப் படித்தேன். எங்கும் இடறவில்லை. காரியம் முடிந்த மறுநாள் கடை திறக்கிறார், பையனைத் திட்டுகிறார், தராசைத் துடைக்கிறார். அவர் துக்கப்பட்டார் என்பது உண்மை. ஆனால் அந்தத் துக்கத்துக்கும் பெட்டியில் இருக்கும் நகைக்கும் நடுவில் ஒரு நூல்கூட ஓடவில்லை.

பிறகு ஒரு நோட்டில் அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதினேன். என்ன நடந்தது என்று எழுதவில்லை. யாராவது இரக்கம் கேட்டு வந்தபோது அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுதினேன். பதினொரு பேர் கேட்டிருந்தார்கள். பதினொரு முறையும் ஒரே மாதிரி மறுத்திருந்தார், ஒரு முறைகூட அது அவரை உறுத்தவில்லை. 19இல் அவரிடம் உடைவதற்கு எதுவும் இல்லாமல் போனது இதனால்தான்.

காரணத்தை நானே யோசித்துச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்தால் அது என் நாவலாகிவிடும், ஒட்டாது. அதனால் ஆசிரியர் எங்காவது கைமறதியாக எதையாவது விட்டுப்போயிருக்கிறாரா என்று தேடினேன். 4ஆவது அத்தியாயத்தில், சாப்பாடு போடும் காட்சியில் ஒரு வரி கிடைத்தது. அம்மாவின் 'வெறுங்காது தோளைத் தொட்டு ஆடியது'.

வளர்த்த காது அது. பாம்படத்தின் கனத்தில்தான் அந்த அளவு தொங்கும். "சார், அம்மாவோட பாம்படம் எங்கே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதை வித்துத்தானே தம்பி கடை வச்சாரு! எழுதலையா நான்?"

எழுதவில்லை. அவர் மனசில் அது இருபது வருஷமாக இருந்திருக்கிறது, காகிதத்துக்கு மட்டும் வரவில்லை. காரணமில்லாத மாற்றங்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான் என்பது என் அனுபவம்.

உற்சாகத்தில் அவர் எழுதி அனுப்பிய இரண்டாம் வரைவு இன்னும் மோசம். அடகுக்கடைக்காரர் 2ஆவது அத்தியாயத்திலிருந்தே பெருமூச்சு விடுகிறார். ஆறு இடங்களில் தயங்குகிறார், ஓர் இடத்தில் கண் கலங்குகிறார். முதலிலிருந்தே நல்லவராகிவிட்டவர் 19இல் எங்கே மாறுவது? உட்கார்ந்து நான்கை வெட்டினோம், இரண்டை வைத்துக்கொண்டோம்.

முதலாவது 8இல். கிழவி பாம்படத்தை அடகு வைக்க வருகிறாள். உள்ளே அரக்கு அடைத்த நகை என்பதால் எடையில் அதற்கு எப்போதும்போலக் கழிக்கிறார். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அவள் காதை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாவது 12இல். கெடு தாண்டிய நகைகளுக்கு ஏல நோட்டீஸ் அனுப்பும் நாள். அந்த ஒரு நோட்டீஸ் மட்டும் கல்லாவுக்கு அடியில் கிடக்கிறது. பையன் எடுத்துக் காட்டியதும் அவனிடம் எரிந்து விழுந்துவிட்டு, அன்று மாலையே அனுப்பிவிடுகிறார். இரண்டிலும் அவர் செய்வது பழைய காரியத்தைத்தான். அது இப்போது அவருக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது, அவ்வளவே.

17இல் சேர்த்தது ஒரே வரி. உடலைக் குளிப்பாட்டும் பெண்களில் ஒருத்தி உள்ளிருந்து கேட்கிறாள்: "காதுல போட ஏதும் இருக்கா?" யாரும் பதில் சொல்வதில்லை. இப்போது 17ஐ உருவினால் 19 நிற்காது.

கடையை மூடுவதை எடுத்துவிடலாம் என்றேன். இவ்வளவு காரணம் ஒரு நகையைத் தாங்கும், ஒரு கடையைத் தாங்காது. அவருக்கு மனசே வரவில்லை. இரண்டு வாரம் பேசவேயில்லை.

மூன்றாம் வரைவில் கடை திறந்தே இருந்தது. பாம்படத்தை எடுத்துக்கொண்டு கிழவி வீட்டுக்குப் போகிறார். அவள் அதற்குள் தொங்கு காதை அறுத்துத் தைத்து, சின்னத் தோடு போட்டிருக்கிறாள். பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டாமலே தெருவில் இறங்கி நடக்கிறார். இது அவரே எழுதியது. அந்தப் பக்கத்தில் நான் ஒரு கால்புள்ளியைக்கூடத் தொடவில்லை.