சேலம் 46

நாசிக்கிலிருந்து மதுரைக்கு வெங்காய லோடு. தருமபுரி தாண்டும்போது ராத்திரி மணி இரண்டரை. கிளீனர் பையன் நல்ல தூக்கத்தில் இருந்தான்.

மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டே வந்தேன். அறுபதில் போனால் நிமிஷத்துக்கு ஒரு கல். நாமக்கல்லில் வீடு இருக்கிறது. "இன்னும் எத்தனை கல்லுங்கப்பா?" என்று போனில் கேட்டுவிட்டுத்தான் மகள் படுப்பாள். காலையில் அவளுக்கு நான்தான் ஜடை பின்னிவிடுவதாகப் பேச்சு.

சேலம் 48 பார்த்தேன். அடுத்து கண்ணில் பட்டது 46.

நடுவில் இருந்த 47 எங்கே போச்சு? கண் திறந்துதான் இருந்தது, ஆனால் ஒரு நிமிஷம் நான் வண்டியில் இல்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் சொல்வார்: "கல்லு ஒண்ணு தப்பிச்சா வண்டிய ஓரங்கட்டிரு." முன்னால் தொப்பூர் கணவாய் இறக்கம். அங்கே கீழ் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கணும். தூக்கத்தில் நியூட்ரலில் விட்டு பிரேக்கையே மிதித்தால் டிரம் சூடேறி, லைனிங் கருகும் வாடை வரும். அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

லாரிகள் நிற்கிற இடம் பார்த்து நிறுத்தி, முகம் கழுவி, ஒன்றரை மணி நேரம் படுத்தேன்.

இறக்கத்தில் ஒரு கல்லுக்கு மூன்று நிமிஷம் ஆனது. ஒன்றுகூடத் தப்பவில்லை. வீட்டுக்குப் போனபோது பள்ளிக்கூட வேன் கிளம்பியிருந்தது. திண்ணையில் சீப்பும் சிவப்பு ரிப்பனும் எடுத்து வைத்தபடியே இருந்தன.