48 அங்குலம் என்று எழுதிய மின்னஞ்சல்

சென்னிமலையில் கைத்தறித் துணி ஏற்றுமதி செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டுக் கடைகளுக்கு மின்னஞ்சல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதுவரை பெட்ஷீட்டும் துண்டும்தான் எங்கள் வியாபாரம். உடை தைத்து விற்கும் சிறிய பொட்டிக் கடைகளுக்கு மீட்டர் கணக்கில் துணி கொடுக்கவேண்டும் என்பது முதலாளியின் ஆசை.

முதல் மின்னஞ்சலில் 38 துணிகளின் படங்களைச் சேர்த்து, நாங்கள் முன்னணி நிறுவனம், தரம் உயர்ந்தது என்றெல்லாம் எழுதி, 140 முகவரிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பினேன். ஒரு பதில்கூட வரவில்லை. தைப்பவருக்கு அதில் தெரிந்துகொள்ள என்ன இருந்தது என்று யோசித்தபோது எனக்கே வருத்தமாகிவிட்டது.

அடுத்த முறை மூன்றே துணிகள், பன்னிரண்டே கடைகள். ஒவ்வொரு கடையும் எப்படிப்பட்ட உடை விற்கிறது என்று பார்த்துவிட்டுத் தனித்தனியாக எழுதினேன். நூல் 20ஆம் நம்பர், அகலம் 48 அங்குலம், மீட்டர் விலை, குறைந்தபட்ச அளவு, எத்தனை நாளில் கிடைக்கும், அவ்வளவுதான். எடையை நானே பார்த்தேன். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி நகைக்கடைத் தராசில் வைத்தால் 1.18 கிராம், நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 118 கிராம். கோடைச் சட்டைக்கு ஆகுமா என்று தையல் தெரிந்தவருக்கு அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

டென்மார்க்கிலிருந்து ஒரு கடைக்காரப் பெண்மணி பதில் எழுதினார். துணி பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு நிறத்துக்கு 50 மீட்டர் என்பது என் கடைக்கு அதிகம், நாலு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்.

முடியாது என்று எழுதும் முன் தறிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அந்த 50 மீட்டர் கணக்கு பாவிலிருந்து, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலிலிருந்து வந்தது; அதற்குக் குறுக்கே நெய்யும் நூல்தான் ஊடை. எங்கள் பாவு 60 மீட்டர்; நெய்து இறங்கும்போது துணி 55 மீட்டர்தான் வரும். அவர் சொன்னார்: “பாவு ஒண்ணேதானுங்க. ஊடைய மாத்திக்கிட்டே போனா நாலு கலரும் அதுலயே இறங்கிடுமுங்க.”

ஆனால் இதில் இரண்டு விஷயங்களை அந்தக் கடைக்காரப் பெண்மணியிடம் முன்கூட்டியே சொல்லவேண்டியிருந்தது. பாவு சாம்பல் நிறம் என்பதால் எந்த நிறமும் பளிச்சென்று இருக்காது, கொஞ்சம் மங்கித்தான் தெரியும். அப்புறம், ஒரு நிறத்துக்கு ஊடை நூல் ஒரு கிலோ சொச்சம்தான் வேண்டும். அதற்காகச் சாயப்பட்டறையில் தனியாகச் சாயம் போடச் சொல்ல முடியாது. எங்களிடம் இருக்கும் சாய நூலிலிருந்துதான் அவர் நிறம் எடுக்கவேண்டும். எட்டு நிற நூலையும் அதே பாவில் ஒரு சாண் ஒரு சாணாக நெய்து, அந்தத் துண்டை அனுப்பினோம். நாலைத் தேர்ந்தெடுத்தார். நிறத்துக்குப் பதிமூன்றரை மீட்டர் போல, பத்து நாளில் நெய்து முடித்தோம்.

துணி போய்ச் சேர்ந்து மூன்று வாரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கோபமே இல்லாத கடிதம். அதனாலேயே படிக்கக் கஷ்டமாக இருந்தது. வெட்டும் முன் துணியைத் துவைத்திருக்கிறார். 48 அங்குலம் 45 ஆகிவிட்டது. கவுனின் முன்பக்கமும் பின்பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டும்படி அவர் போட்டிருந்த அளவு அதில் அடங்கவில்லை. ஒவ்வொரு கவுனுக்கும் கூடுதல் நீளம் செலவாகி, கணக்குப் போட்டதைவிடக் குறைவான கவுன்களே கிடைத்தன.

தவறு என்னுடையதுதான். தறியில் நூல் இழுத்துக் கட்டிய நிலையில் இருக்கிறது, கஞ்சியும் சேர்ந்து அதை விறைப்பாகப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரில் கஞ்சி போனதும் நூல் தளர்ந்து துணி சுருங்கும். பெட்ஷீட் நெய்யும் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். நான்தான் தறியிலிருந்து இறங்கிய அகலத்தை அப்படியே எழுதிவிட்டேன். முதலாளியிடம் சொன்னேன். “குறைஞ்ச துணிய நாமதான் கொடுக்கோணும்” என்றார். அடுத்த பாவிலிருந்து நிறத்துக்கு மூன்று மீட்டர் நெய்து, காசு வாங்காமல் அனுப்பினோம்.

இப்போது எந்தத் துணியை அறிமுகப்படுத்தினாலும், அதில் ஐம்பது சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அழியாத பேனாவால் வரைந்து, 40 டிகிரி வெந்நீரில் துவைத்து, விரித்துக் காயவைத்து அளக்கிறேன். டென்மார்க்குக்கு அனுப்பிய துணியில் ஊடை வாக்கில் 47 வந்தது, அதாவது ஆறு சதவீதம் சுருக்கம். மின்னஞ்சலில் அகலத்தை இரண்டு விதமாகவும் எழுதுகிறேன்: தறியில் 48, துவைத்தபின் 45. எடையும் அப்படித்தான், கஞ்சி போனாலும் துணி நெருங்கிவிடுவதால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூடுகிறது. துவைத்தே அனுப்பவேண்டுமா என்றும் கேட்கிறேன், அதற்கு மீட்டர் விலை கூடும் என்பதையும் சேர்த்து.

டென்மார்க்காரர் துவைக்காத துணியையே கேட்கிறார். போன மாதம் அதே சாம்பல் பாவுக்கு ஐந்தாவதாக ஒரு நிறம் வேண்டும் என்று எழுதியிருந்தார். கடுகு மஞ்சள் ஊடையில் ஒரு சாண் நெய்து அனுப்பியிருக்கிறோம்.