கதையை நிறுத்துங்கள், ட்ரெய்னியின் கையைப் பாருங்கள்: இன்ஸ்ட்ரக்டர் தேர்வு அனுபவம்

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. சேஃப்டி இன்ஸ்ட்ரக்டர் தேர்வில் இரண்டாவது முயற்சியில் தேறிவிட்டேன். ஒன்பது வருடம் விமானத்தில் கேபின் க்ரூவாகப் பறந்தவளுக்கு முதல் முறை தோற்றது பெரிய அடி. கேபினிலிருந்து பயிற்சிப் பிரிவுக்கு மாற நினைப்பவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மேனுவலைப் படித்தவர்கள் தேறிவிடுவார்கள். ஆளைக் கவிழ்ப்பது இருபது நிமிட டீச்சிங் டெமோதான்.

முதல் முறை எனக்கு வந்த தலைப்பு, கதவைத் திறந்தும், பயணிகள் சறுக்கி இறங்கும் ஸ்லைடு விரியாத நிலை. தேர்வாளர் பேனலில் ஒருவர் ட்ரெய்னியாக நடித்தார். அவர் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது நான் பேனலைப் பார்த்து, 2024 ஜனவரியில் ஜப்பானின் ஹனேடா விமான நிலையத்தில் எரிந்த ஏ350 விமானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த 379 பேரும் வெளியேறினார்கள். எட்டுக் கதவுகளில் மூன்றுதான் பயன்பட்டன. அறிவிப்புக் கருவி வேலை செய்யாததால் க்ரூ மெகாஃபோனிலும் சொந்தக் குரலிலும் கத்தினார்கள். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். முடித்ததும் பேனல் ஒரே ஒரு கேள்வி கேட்டது: "உங்கள் ட்ரெய்னி எப்போது கீழே விழுந்தார்?"

கதவோரம் க்ரூ பிடித்துக்கொள்ளும் அசிஸ்ட் ஹேண்டிலை அவர் பிடிக்கவே இல்லை. நான் கவனிக்கவும் இல்லை.

கதவு திறந்ததும் பின்னாலிருந்து கூட்டம் தள்ளும். ஒரு கை அசிஸ்ட் ஹேண்டிலில் இருந்தால்தான் இன்னொரு கையால், ஸ்லைடை விரிய வைக்கும் சிவப்பு மேனுவல் இன்ஃப்ளேஷன் ஹேண்டிலை இழுக்க முடியும். இழுத்தும் ஸ்லைடு விரியவில்லை என்றால் வாசலை மறித்து நின்று, ஆட்களை வேறு கதவுக்குத் திருப்ப வேண்டும். பிடி இல்லாதவர் இதில் எதையும் செய்யமாட்டார். முதலில் வெளியே விழுவது அவராகத்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. என் உடம்புக்குப் பழகிப்போனதால், இன்னொருவர் அதை விடுவார் என்று தோன்றவே இல்லை. அனுபவசாலி க்ரூ பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறோம்.

இரண்டாவது முறை டெமோவை நான்கு சுற்றாகப் பிரித்தேன்:

- முதல் சுற்று: நிஜ வேகத்தில் செய்தேன், வாய் திறக்கவில்லை.
- இரண்டாவது: மெதுவாக, ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் சொல்லி.
- மூன்றாவது: ட்ரெய்னி சொல்ல, நான் செய்தேன்.
- நான்காவது: அவரே சொல்லிச் செய்தார்.

என்னைக் காப்பாற்றியது மூன்றாவது சுற்று. ட்ரெய்னி நேராக "கதவு ஹேண்டிலைத் தூக்குங்க" என்றார். நான் கையை நீட்டவில்லை. சில நொடி மௌனம். பிறகு அவரே, "இல்ல, முதல்ல ஜன்னல் வழியா வெளியே பார்க்கணும், நெருப்பு, புகை இருக்கான்னு" என்று திருத்திக்கொண்டார். ஹனேடாவை அந்த இடத்தில்தான் சொன்னேன், இரண்டே வாக்கியத்தில்: எட்டில் ஐந்து கதவுகள் பயன்படவில்லை, எதைத் திறப்பது என்பதை முதலில் ஜன்னல்தான் சொல்லும். போன முறை நேரத்தைத் தின்ற அதே கதை, இந்த முறை அவர் சொன்னது ஏன் தவறு என்பதற்குக் காரணமாக நின்றது.

நான் இயல்பாகவே அதிகம் பேசுகிறவள். அதனால் மௌனத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் குறைவாகப் பேசுபவர் என்றால் உங்களுக்கு இடறும் இடம் இரண்டாவது சுற்றாக இருக்கலாம்.

அடுத்தது பயணிகளைக் கையாளும் பகுதி. வெளியேற்றத்தின் நடுவே ஒருவர் பெட்டியை எடுக்கிறார். ட்ரெய்னியின் வாயில் வந்தது, "சார், ப்ளீஸ், பேக்கை எடுக்காதீங்க." பல வருட உபசரிப்பு நாக்கில் ஒட்டிக்கொள்கிறது, எனக்கும் அப்படித்தான் வரும். பதற்றத்தில் இருப்பவர் காதில் "பேக்" மட்டும்தான் விழும் என்பது என் கணிப்பு. "எல்லாத்தையும் விடுங்க! இந்தப் பக்கம் வாங்க!" என்று ஐந்து முறை உரக்கச் சொல்ல வைத்தேன். மூன்றாவது முறைதான் குரலிலிருந்து கெஞ்சல் போனது.

சின்னச் சின்னதாகச் சில:

- தகராறு செய்யும் பயணியின் நான்கு நிலைகளையும் ஒப்பிக்காதீர்கள். வாய்ச்சண்டை எந்த நொடியில் கைகலப்பாகிறது என்று நடித்துக் காட்டுங்கள்.
- டீபிரீஃபில் முதலில் ட்ரெய்னி பேசட்டும். தன் தவற்றை அவரே சொல்லிவிட்டால் நீங்கள் காரணத்தை மட்டும் சேர்த்தால் போதும்.
- தவறு நடந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கடைசியில் சொன்னால் கை அந்தத் தவற்றையே பழகியிருக்கும்.

பயிற்சிக்கு விமானக் கதவின் மாக்-அப் கிடைக்காத நாட்களில் என் அறைக் கதவிலேயே பழகினேன். தோழி ஒருத்தி பின்னால் நின்று உண்மையாகவே தள்ளுவாள். முதல் நாள் நிலை தடுமாறி வராந்தாவில் போய் நின்றேன். அதற்குப் பிறகு, யார் கதவைத் திறந்தாலும் என் கண் முதலில் அவர்களுடைய இன்னொரு கையைத்தான் தேடுகிறது.