‘செய்யப்பட்டது’ இல்லாமல் ஒரு விருது விண்ணப்பம்

நல்லாசிரியர் விருதுக்கு விண்ணப்பிக்கும் சக ஆசிரியர்கள் தங்கள் பணி விவரத்தை எழுதியதும் எங்களிடம் ஒருமுறை காட்டுவது வழக்கம். பெரும்பாலும் முதல் பக்கத்தைப் படித்து முடித்த பிறகும் அவர் என்ன செய்தார் என்பது பிடிபடாது. நூலகம் அமைக்கப்பட்டிருக்கும், விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டிருக்கும், நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டிருக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார். வீட்டில் ‘சோறு என்னால் வடிக்கப்பட்டது’ என்று யாரும் சொல்வதில்லை. சுற்றறிக்கை படித்துப் படித்து, தாளில் பேனா வைத்ததுமே அந்த நடை வந்து ஒட்டிக்கொள்கிறது.

முதல் வேலை, கோப்பைத் திறந்து ‘ப்பட்ட’ என்று தேடுவது. அதன்பின் ‘ப்படு’, ‘ப்பெற்ற’. கிடைப்பதையெல்லாம் வெட்டிவிடக் கூடாது. ‘தேவைப்பட்டது’, ‘புறப்பட்டேன்’ போன்றவையும் வலையில் விழும். அவை செயப்பாட்டு வினை அல்ல. மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘யார்?’ என்று எழுதி, நான், நாங்கள், வேறொருவர் என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொல்வோம். நேரம் பிடிப்பது இங்கேதான். பத்து வாக்கியத்துக்கு மூன்று நான்காவது ‘வேறொருவர்’ என்று வந்துவிடும்.

ஒரு மாதிரி வாக்கியம்: “மாணவர்களின் வாசிப்புத் திறனை மேம்படுத்தும் பொருட்டு வகுப்பறை நூலகம் அமைக்கப்பட்டு, நூல்கள் வழங்கப்பட்டு, சிறந்த முன்னேற்றம் ஏற்படுத்தப்பட்டது.”

இதைத் திருத்தச் சொன்னால் பலரும் முதலில் இப்படித்தான் எழுதுகிறார்கள்: “நான் நூலகம் அமைத்தேன், நான் நூல்கள் வழங்கினேன், நான் சிறந்த முன்னேற்றத்தை ஏற்படுத்தினேன்.” செய்வினையாகிவிட்டது, ஆனால் படிக்கக் கூசுகிறது. காரணம் மூன்று ‘நான்’ மட்டுமல்ல. புத்தகம் கொடுத்தது முன்னாள் மாணவர்கள்; வாசிக்கக் கற்றது பிள்ளைகள். அடுத்தவர் செய்த வேலைக்குத் தன் விகுதியைப் போட்டதுதான் தற்பெருமையாக ஒலிக்கிறது. ‘சிறந்த’ என்ற சொல் வேறு, தேர்வுக் குழு போட வேண்டிய மதிப்பெண்ணைத் தானே போட்டுக்கொள்கிறது.

ஒவ்வொரு வினையையும் உரியவரிடம் கொடுத்த பிறகு (எண்கள் எடுத்துக்காட்டுக்காக): “2023 ஜூனில் ஐந்தாம் வகுப்பில் 31 பேரில் 12 பேர் ஒரு பத்தியைத் தடங்கலின்றி வாசித்தார்கள். வகுப்பு மூலையில் ஓர் அலமாரி வைத்தேன். முன்னாள் மாணவர்களிடம் கேட்டேன். 140 புத்தகங்கள் கொடுத்தார்கள். எழுத்தின் அளவு பார்த்து அவற்றுக்கு மூன்று நிறத்தில் அட்டை போட்டேன். வெள்ளி கடைசிப் பாடவேளையில் பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்துப் போனார்கள். மார்ச்சில் அதே அளவுப் பத்தியை 24 பேர் வாசித்தார்கள்.”

இதில் ‘நான்’ ஒருமுறைகூட இல்லை. ‘வைத்தேன்’ என்பதன் ‘ஏன்’ விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. தமிழ் தரும் இந்த வசதியை நாம் எழுத்தில் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை. ‘நான்’ தேவைப்படுவது, இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும்போதுதான்: “படங்களை ஓவிய ஆசிரியர் வரைந்தார், கதையை நான் எழுதினேன்.”

‘ஓம்’ விகுதியில் ஒரு சிக்கல் உண்டு. அடக்கம் என்று நினைத்து எல்லாவற்றையும் ‘செய்தோம்’ என்று முடித்தால், பழையபடி ஆள் மறைந்துவிடுவார். பத்தியின் தொடக்கத்திலேயே “நானும் நான்காம் வகுப்பு ஆசிரியரும்” என்று எழுதிவிட்டால், அதன்பின் வரும் ‘ஓம்’ யாரென்று தெரியும்.

செய்வினையாக இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாத சொற்களும் இருக்கின்றன: பங்காற்றினேன், பாடுபட்டேன், முயற்சி மேற்கொண்டேன், முக்கியப் பங்கு வகித்தேன். இவற்றைக் கண்டதும் நாங்கள் கேட்பது, அந்த நேரத்தில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான். “இடைநிற்றலைக் குறைக்கப் பாடுபட்டேன்” என்று எழுதியவர், யோசித்துவிட்டு, “தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே போனேன்” என்று மாற்றுவார். பின்னதில் பெருமை குறைவு, எடை கூடுதல்.

எல்லாச் செயப்பாட்டு வினையையும் துரத்த வேண்டியதில்லை. “பள்ளி 1962இல் தொடங்கப்பட்டது” என்பதில் தொடங்கியவர் யார் என்பது இந்த விண்ணப்பத்துக்குத் தேவையில்லை, அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக, வரைவில் பெயர் வரும் சக ஆசிரியரிடமே அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் ஏதாவது ஒரு ‘தேன்’ மீது விரலை வைத்து “இது நாம ரெண்டு பேரும் செஞ்சதுல்ல?” என்று கேட்டால், அந்த வரியை அங்கேயே ‘தோம்’ ஆக்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.